வெல்லப் பாகு பட்ட கை: போட்டோவை வைத்து ஆழம் சொல்ல முடியுமா?

ஆலைக்கொட்டாய்_ஓமலூர் | ஜனவரி 6, பிற்பகல் 3.05

பொங்கல் நேரம், ஆலைக்கொட்டாயில் அடுப்பு அணையவே இல்லை. கொப்பரையை இறக்கும்போது பாகு தெறித்து ஆள் ஒருத்தருக்கு வலது கையில் பட்டுடுச்சு. மணி 2.15 இருக்கும். அவருக்கு வயசு 50க்கு மேல. போட்டோ போட்டிருக்கேன். முன்கையில் பெரிய கொப்புளம் ஒண்ணு, பக்கத்துல உடைஞ்சு நீர் வடியுறது ஒண்ணு. புறங்கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் முட்டி மேல கருப்பும் பழுப்புமா ஒரு பொருக்கு. அதை ஒட்டி வெளுத்த திட்டு.

கொப்புளம் இருக்கிற இடம்தான் எரியுதாம், கருத்த இடத்துல ஒண்ணுமே தெரியலையாம். "அது பாகு ஒட்டியிருக்கு, ஊறினா வந்துடும், ஆஸ்பத்திரி எதுக்கு" என்கிறார். மஞ்சள் பூசியாச்சு. போட்டோவைப் பார்த்து ஆழம் சொல்ல முடியுமா? கருப்பா இருக்கிறது வெல்லமா, தோலா?

சேர்வராயன்_எஸ்டேட் | ஜனவரி 6, 3.14

கொப்புளம் வந்தால் செகண்ட் டிகிரி. வலி இருந்தால் நரம்பு உயிரோடு இருக்குன்னு அர்த்தம், அது நல்லது. ஐஸ் வைங்க, கொப்புளத்தை உடைக்காதீங்க, தீக்காயத்துக்குன்னு மெடிக்கலில் தரும் வெள்ளைக் களிம்பைத் தடவுங்க. ரெண்டு வாரத்தில் ஆறிடும். கருப்பு, பாகுதான்னு தோணுது.

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 6, 3.21

தம்பி, படிக்கிறதுக்கு முன்னாடி அவர் கையைக் குழாய்க்கு அடியில் நீட்டச் சொல்லுங்க. ஓடுற தண்ணி, சாதாரண குளிர்ச்சி, 20 நிமிஷம், கடிகாரம் பார்த்து. பட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சேன்னு விடாதீங்க, மூணு மணி நேரத்துக்குள்ள ஊத்தினாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். ஐஸ் ரத்தக் குழாயைச் சுருக்கிடும், அரைகுறையா உயிர் இருக்கிற தோல் அதனாலேயே சாகும்.

போட்டோவில் மோதிர விரலில் செம்பு மோதிரம் தெரியுது, மணிக்கட்டில் கருப்புக் கயிறு. ரெண்டையும் இப்பவே கழட்டுங்க. சாயங்காலம் வீங்கினப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கணும்.

ஆழம் பற்றி, தண்ணி ஊத்தி முடிச்சுட்டு வாங்க, எழுதுறேன்.

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 6, 3.40

அவர் தண்ணியில் இருக்கட்டும், நான் எழுதி வைக்கிறேன்.

உங்க போட்டோவில் இருக்கிறது ஒரே கையில் மூணு காயம். மணிக்கட்டுப் பக்கம் ஓரத்தில் வெறும் சிவப்பு, கொப்புளம் இல்லை. வெயிலில் கன்றிப்போன மாதிரிதான், ஒரு வாரத்தில் தெரியாமல் போகும். முன்கையில் கொப்புளம், உடைஞ்ச இடத்துக்கு அடியில் ஈரமா, ரோஸ் நிறமா, தொட்டால் துடிக்கிற தோல். அங்கே நீர் வடியுறது நல்ல அடையாளம். அடித்தோலில் ரத்த ஓட்டம் இருந்தால்தான் நீர் கசியும். இந்த இடம் ஆறிடும்.

மூணாவதுதான் பிரச்சினை. முட்டி மேல இருக்கிற வெளுத்த திட்டில் கொப்புளமும் இல்லை, ஈரமும் இல்லை, மெழுகு தடவினாப்ல இருக்கு. "அங்கே ஒண்ணும் தெரியலை" என்று நீங்க எழுதின அந்த ஒரு வரி, போட்டோவைவிட எனக்கு அதிகம் சொல்லுது. வலிக்கலைன்னா காயம் சின்னதுன்னு எல்லாரும் எடுத்துக்கிறாங்க. வலியைச் சொல்ற நரம்பு முனையே வெந்துபோயிருந்தாலும் வலிக்காது. சுத்தி இருக்கிற மேலோட்டமான காயம் எரியுறதால, மொத்தமா "வலிக்குதா"ன்னு கேட்டால் "ஆமா"ன்னுதான் பதில் வரும். எங்கே வலிக்கலைன்னு கேளுங்க.

பாகு ஏன் இப்படிச் செய்யுதுன்னா, கொதிக்கிற தண்ணி 100 டிகிரி, பட்ட உடனே வழிஞ்சு ஓடிடும். இறக்குற பதத்துப் பாகு 115க்கு மேல, ஓடாது, ஒட்டிக்கிட்டுத் தன் சூட்டைக் கடைசி வரைக்கும் தோலுக்குள்ளேயே இறக்கும். பால் கொட்டின கையையும் பாகு ஒட்டின கையையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது.

சேர்வராயன்_எஸ்டேட் | ஜனவரி 6, 3.52

சரி, ஆனால் கொப்புளம் இருந்தால் செகண்ட் டிகிரி என்பது புத்தகத்திலேயே இருக்கே.

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 6, 4.02

இருக்கு. ஆனால் செகண்ட் டிகிரிக்குள்ளேயே ரெண்டு ரகம். மேலோட்டமானது ரெண்டு வாரத்தில் ஆறும், தழும்பு அவ்வளவா வராது. ஆழமானது மூணு வாரம் தாண்டியும் ஆறாமல் கிடந்து, தடிச்ச தழும்பாகி, விரல் முட்டியில் இருந்தால் விரலை இழுத்து மடக்கிடும். ரெண்டுக்குமே கொப்புளம் வரும். மூடின கொப்புளத்துக்கு அடியில் எது இருக்குன்னு போட்டோவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உடைஞ்ச இடத்தில் தெரியுற தரையைத்தான் பார்க்கணும்.

பார்க்கிற வழி: கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, சுத்தமான காஸ் துணியால் அந்த ரோஸ் தோலை ரெண்டு நொடி அழுத்தி விடுங்க. வெளுத்து, உடனே ரோஸ் திரும்பினால் மேலோட்டம். வெளுத்து, மெதுவா யோசிச்சு யோசிச்சுத் திரும்பினால் ஆழம். அழுத்தினாலும் நிறமே மாறலைன்னா ரத்தம் குழாயிலேயே உறைஞ்சிருக்கு, இன்னும் ஆழம். இதை மேல்தோல் உரிஞ்ச இடத்தில்தான் செய்யணும். நம்ம மாநிறத் தோலில் மேல்தோல் அப்படியே இருக்கும்போது அழுத்திப் பார்த்தால் ஒண்ணும் புரியாது. இங்கிலீஷ் புத்தகத்துப் படத்தில் இருக்கிற சிவப்பை நம்ம கையில் தேடினால் கிடைக்காது.

ஆலைக்கொட்டாய்_ஓமலூர் | ஜனவரி 6, 4.10

20 நிமிஷம் ஆச்சு. மஞ்சள் கிட்டத்தட்ட போயிடுச்சு. மோதிரம் சோப்பு போட்டு வந்துடுச்சு. பொருக்கு பாதி கரைஞ்சது! ஓரத்தில் பழுப்பா வழிஞ்சு போச்சு. நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் கரையாமல் நிக்குது, தட்டினால் கெட்டியா இருக்கு. பிச்சு எடுத்துடலாமா?

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 6, 4.13

கை வைக்காதீங்க. உங்க கேள்விக்குப் பதில் அந்தத் தண்ணியே சொல்லிடுச்சு. வெல்லம் தண்ணியில் கரையும், வெந்த தோல் கரையாது. 20 நிமிஷத்துக்கு அப்புறமும் நிக்கிறது, தட்டினால் தோல் செருப்பு மாதிரி கெட்டியா இருக்கிறது, தொட்டால் தெரியாதது, அவ்வளவும் முழு ஆழத்துக்கு வெந்த இடம்னு வெச்சுக்கோங்க. பிச்சால் ஒட்டியிருக்கிற நல்ல தோலும் கூட வரும்.

இன்னைக்கே கிளம்புங்க. ஓமலூர் ஜி.எச்.சில் காட்டி, சீட்டு வாங்கிட்டுச் சேலம் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தீக்காய வார்டு இருக்கு.

கொலுசுப்பட்டறை | ஜனவரி 6, 4.20

எங்க பட்டறையிலும் இதே கேஸ். செவ்வாய்பேட்டை. நேத்து ஒரு பையனுக்கு விரலில் மஞ்சளா ஆகிடுச்சு. சீழ் பிடிச்சிருக்குமோன்னு போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். வெள்ளி கழுவுற ஆசிட். கொப்புளமே வரலை. அதனால் லேசானதுன்னு விட்டுட்டோம், சரிதானே?

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 6, 4.31

இதே கேஸ் இல்லை அண்ணா. நைட்ரிக் ஆசிட் தோலில் பட்டாலே மஞ்சளாகும், ஒரே நாளில் சீழ் வராது. ஆசிட் காயத்தில் கொப்புளம் வராததால் லேசுன்னு சொல்ல முடியாது, அது தோலை உறைய வெச்சுக் கெட்டியாக்கிடும். போட்டோவை வெச்சு ஆசிட் காயத்துக்கு ஆழம் சொல்ற வேலையே வேண்டாம். பட்ட உடனே 20 நிமிஷம் போதாது, அதைவிட ரொம்ப நேரம் தண்ணி ஊத்தணும், சுண்ணாம்பு சோடா எதுவும் போடக் கூடாது. நேத்துப் பட்டதுன்னா இன்னைக்கே காட்டுங்க. புகையை முகந்து இருமினானா, மூச்சு இறுக்கமா இருக்கான்னும் கேளுங்க. அந்தப் புகையால் வர்ற மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழிச்சும் வரும்.

கொண்டைஊசி20 | ஜனவரி 6, 4.38

ஆலைக்கொட்டாய்க்காரர் மஞ்சள் பூசினார், எங்க ஏற்காட்டில் காபித் தூள் அப்புவாங்க. அப்புறம் டாக்டர் வந்து காயத்தைத் தேடணுமா டிகாக்ஷனைத் தேடணுமா?

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 6, 4.47

சிரிக்கிறீங்க, ஆனால் போட்டோ பார்க்கிறவங்களுக்கு அதுதான் முதல் தலைவலி. மஞ்சள் போட்டால் ரோஸ் தோல் வெளுத்த மாதிரி தெரியும். பேஸ்ட் காய்ஞ்சால் வெள்ளைத் திட்டு. காபித் தூள், சாம்பல், இங்க் எல்லாம் கருகின மாதிரி. ஊதா மருந்து போட்டால் போச்சு, மூணு நாளைக்கு எதுவுமே தெரியாது.

சேர்வராயன் சொன்ன வெள்ளைக் களிம்பு, சில்வர் சல்ஃபாடையாசின், இதில் சேரும். மருந்து கெட்டது இல்லை, எப்போ போடுறோம் என்பதுதான். மறுநாள் அது காயத்து நீரோடு சேர்ந்து மஞ்சள் கலந்த வெள்ளை ஏடா ஒட்டிக்கும். மேலோட்டமான காயம்கூட ஆழமா தெரியும், ஆழமானது ஏட்டுக்கு அடியில் ஒளிஞ்சுக்கும். டாக்டர் ஆழம் பார்த்து எழுதின பிறகு போடலாம்.

ஆலைக்கொட்டாய்_ஓமலூர் | ஜனவரி 6, 4.55

வண்டி வருது. அவர் இன்னமும் "இத்துனூண்டு காயம்" என்கிறார். உள்ளங்கை கணக்குப் பார்த்தேன், விரலோட சேர்த்து அவர் உள்ளங்கை ஒன்றரை. உடம்பில் ஒன்றரை சதவீதம்தானே? இதுக்கு உடனே போகணுமா, நாளைக்குக் காலையில் போனால் ஆகாதா?

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 6, 5.03

கணக்கு சரி. அவரோட கையால்தான் அளக்கணும், அதுவும் சரி. வெறும் சிவப்பு இருக்கிற மணிக்கட்டு ஓரத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அப்போ இன்னும் குறையும். பரப்பு எதுக்குன்னா, உடம்பு நீரை இழந்து மயங்குமா, டிரிப்ஸ் வேணுமான்னு தெரிய. பெரியவங்களுக்கு 15, குழந்தைக்கு 10 தாண்டினால் அது உயிர்க் கணக்கு, 108ஐக் கூப்பிடணும். இவருக்கு அந்தப் பயம் இல்லை.

இவரை இன்னைக்கே அனுப்பச் சொல்றது வேற காரணத்துக்கு. இடம் கை, அதுவும் முட்டி. ஆழம் முழுசா இருக்கிற மாதிரி தெரியுது. வயசு 50க்கு மேல. முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு மேல பட்ட காயம் சின்னதானாலும் டாக்டர் பார்க்கணும். விரலையோ கையையோ சுத்தி வளையம் மாதிரி வெந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. வெந்த தோல் விரியாது, உள்ளே வீங்கும்போது ரத்தத்தை நெரிச்சுடும். கிளம்புறதுக்கு முன்னாடி அஞ்சு விரல் நகத்தையும் அழுத்தி விட்டுப் பாருங்க, ரெண்டு நொடியில் ரோஸ் திரும்பணும். நுனி சில்லுனு, நீலமா, மரத்துப் போயிருந்தால் வழியிலேயே எமர்ஜென்சின்னு சொல்லுங்க.

சர்க்கரை இருக்கா அவருக்கு? டி.டி. ஊசி கடைசியா எப்போ?

சமையலறையில் ஒட்டுற பிளாஸ்டிக் தாள் இருந்தால் நீளவாக்கில் மேல வைங்க, சுத்திக் கட்டாதீங்க. இல்லைன்னா துவைச்ச வெள்ளை வேட்டித் துணி, லூசா. கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வெச்சுக்கிட்டு உட்காரட்டும்.

ஆலைக்கொட்டாய்_ஓமலூர் | ஜனவரி 6, 5.06

சர்க்கரை இருக்காம்!! இப்போதான் சொல்றார். ஊசி ஞாபகம் இல்லை. கிளம்பிட்டோம்.

சேர்வராயன்_எஸ்டேட் | ஜனவரி 7, காலை 8.30

ஒரு சந்தேகம். இங்கே எஸ்டேட் லைன் வீட்டில் குழந்தைங்க மேல வெந்நீர் கொட்டுறது அடிக்கடி நடக்குது. ஜனவரி ஏற்காட்டில் குழாய்த் தண்ணியே விறைக்குது. 20 நிமிஷம் ஊத்தினால் குழந்தை நடுங்கிடாதா? கீழே இறங்கவே 20 கொண்டை ஊசி, ஒரு மணி நேரம் ஆகும்.

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 7, 9.15

நடுங்கும், அதனால்தான் காயம் பட்ட இடத்துக்கு மட்டும் தண்ணி, மிச்ச உடம்புக்குக் கம்பளி. குழந்தையைத் தூக்கித் தொட்டியில் போடக் கூடாது. உதடு நீலமாகி நடுங்க ஆரம்பிச்சால் 20 நிமிஷம் ஆகலைன்னாலும் நிறுத்திடுங்க. நனைஞ்ச சட்டை, அரைஞாண் கயிறு, டயப்பர் எல்லாம் முதல்லயே போகணும். டயப்பர் வெந்நீரைப் பிடிச்சு வெச்சுக்கும். தோலோட ஒட்டின துணியைச் சுத்தி வெட்டி விடுங்க.

குழந்தை விஷயத்தில் போட்டோ ஏமாத்துற இடம் ஒண்ணு உண்டு. வெந்நீரில் ஆழமா வெந்த குழந்தைத் தோல் கருகாது, சில சமயம் வெளுக்கக்கூட வெளுக்காது. அப்போ நல்ல செர்ரிச் சிவப்பா இருக்கும். பார்க்கிறவங்க "சிவப்பா இருக்கு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு"ன்னு நினைப்பாங்க. அழுத்தினால் அந்தச் சிவப்பு அசையாது, ஈரமும் இருக்காது. குழந்தைத் தோல் மெல்லிசு, பெரியவங்களுக்கு மேலோட்டமா போற சூடு அதுக்கு ஆழமா இறங்கும். அதனால் மலை மேல இருக்கிறவங்க குழந்தைக்குப் போட்டோ அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். தண்ணி ஊத்தி, ஏற்காடு ஜி.எச்.சில் காட்டி, அவங்க சொன்னால் இறங்குங்க. காயம் எப்படி வந்துச்சுன்னு வீட்டில் சொல்றதும் காயத்தோட வடிவமும் பொருந்தலைன்னா அதையும் டாக்டரிடம் சொல்லணும். காலுறை போட்ட மாதிரி ரெண்டு காலிலும் ஒரே அளவில் கோடு, சிதறலே இல்லை, அந்த மாதிரி.

மருந்துச்சீட்டு | ஜனவரி 7, 11.40

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஒரு நாளைக்கு ஒரு தீக்காய போட்டோவாவது வாட்ஸ்அப்பில் வரும், பாதி உபயோகமில்லை. எடுக்கிற விதம் பற்றி மட்டும் சொல்றேன்.

ஃபிளாஷ் போட்டால் காய்ந்த இடம் பளபளத்து ஈரம் மாதிரி தெரியும், ரோஸ் நிறம் வெளுத்துடும். ஆக இருக்கிறதும் இல்லாததும் இடம் மாறிடும். வாசல் வெளிச்சத்தில், நிழலில் வெச்சு எடுங்க. தோலை அழகாக்குற வசதி போனில் தானாவே இயங்கிட்டிருக்கும், அதை அணைங்க. நேர் மேலே இருந்து ஒண்ணு, கொப்புளம் எவ்வளவு எழும்பியிருக்குன்னு தெரிய பக்கவாட்டில் ஒண்ணு, காயம் படாத மறு கையையும் சேர்த்து வெச்சு ஒண்ணு. மறு கை இருந்தால் அவரோட இயல்பு நிறமும் தெரியும், அளவும் தெரியும். காஸால் அழுத்தி விடுறதை அஞ்சு நொடி வீடியோ எடுங்க, அது பத்து போட்டோவுக்குச் சமம். அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்க, சாதாரணமா அனுப்பினால் சுருங்கி நிறம் குழம்பிடும். பட்ட நேரம், எது பட்டது, தண்ணி ஊத்தினது எத்தனை நிமிஷம், மேல என்ன பூசினது, எங்கே தொட்டால் தெரியலை, அஞ்சையும் எழுதுங்க. முகமும் பேரும் வேண்டாம்.

சிஸ்டர் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. உள்ளங்கை, உள்ளங்கால் காயத்துக்கு இந்த எந்தக் கணக்கும் சரியா வராது. தோல் தடிப்பு, கொப்புளம் எழும்பாமலே வெளுத்துக் கெட்டியா கிடக்கும், ஆனால் உள்ளே மேலோட்டமா இருக்கும். ஆலை வேலை செய்யுற காய்ப்புக் கையில் இன்னும் மோசம்.

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 7, 12.20

உள்ளங்கைக்கு அது உண்மைதான். நான் எழுதினது புறங்கைக்கு. அங்கே தோல் மெல்லிசு, அடியிலேயே நரம்புக் கயிறு, எலும்பு.

ஆலைக்கொட்டாய்_ஓமலூர் | ஜனவரி 9, இரவு 9.10

மூணாம் நாள். சேர்த்துக்கிட்டாங்க. பெரிய கொப்புளத்தை அங்கேயே கத்தரிச்சு எடுத்துட்டாங்க. நீங்க உடைக்கக் கூடாதுன்னீங்களே? அடியில் ஈரமா, ரோஸா இருந்துச்சாம். முட்டியில் கெட்டியான இடம் அப்படியே. ஆனால் சுத்தி இருந்த வெளுப்புத் திட்டு அன்னைக்கு ரூபாய் அளவுக்குக் கொஞ்சம் மேல, இன்னைக்கு அதைவிடப் பெரிசாத் தெரியுது. பரவுதா? கிருமியா?

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 9, 10.05

கிருமியா இருந்தால் காய்ச்சல், நாற்றம், ஓரத்தில் பரவுற சிவப்பு, குறைஞ்ச வலி திரும்பக் கூடுறது, இதெல்லாம் வரும். இருந்தால் ராத்திரியே சொல்லுங்க. இல்லைன்னா, இது காயத்தோட வழக்கம். நடுவில் செத்த இடம், அதைச் சுத்தி உயிர் போகவா இருக்கவான்னு ஊசலாடுற ஒரு வளையம். ரெண்டு மூணு நாளில் அது எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். அதனால்தான் முதல் நாள் போட்டோவை வெச்சு "ஆழம் இவ்வளவுதான்"னு யாரும் முடிவு சொல்ல மாட்டாங்க. நேரில் பார்க்கிற அனுபவஸ்தங்களே முதல் நாளில் அடிக்கடி தவறுவாங்க, குறிப்பா ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற காயத்தில். சர்க்கரை இருந்தால் அந்த வளையம் கெட்ட பக்கம் சாயுறது சாதாரணம். தினம் சர்க்கரை பார்க்கிறாங்களான்னு கேளுங்க.

கொப்புளம்: வீட்டில் உடைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பெருசா, இறுக்கமா, மூட்டு மேல இருக்கிறதைச் சுத்தமான கருவியால் எடுக்கிறது உண்டு.

மருந்துச்சீட்டு | ஜனவரி 9, 10.30

எல்லா டாக்டரும் எடுக்கிறது இல்லை. சின்னக் கொப்புளத்தை அப்படியே விடுறதுதான் பலர் வழக்கம். மூடின தோலே நல்ல கட்டு, வலியும் குறைவு.

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 9, 10.41

எடுக்காமல் ஆழம் எப்படிப் பார்ப்பீங்க? இது ரெண்டு பேரும் வருஷக்கணக்கா பேசலாம்.

கொலுசுப்பட்டறை | ஜனவரி 10, காலை 7.50

பையனைக் காட்டிட்டோம். மஞ்சள் போகலை, ஆனால் காயம் மேலோட்டம்தானாம். ஆசிட் தொட்டிக்குப் பக்கத்தில் குழாய் போடச் சொல்லிட்டேன். இதுவரைக்கும் முப்பதடி தள்ளி இருந்துச்சு.

ஆலைக்கொட்டாய்_ஓமலூர் | ஜனவரி 14, மாலை 6.20

முன்கை பாதிக்கு மேல மூடிடுச்சு. முட்டியில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமான்னு ரெண்டு டாக்டரும் ரெண்டு விதமா சொல்றாங்க. அவர் விரலை மடக்கவே மாட்டேங்குறார், நேராகவும் நீட்டலை, பாதி மடக்கி வெச்சே படுத்திருக்கார். அப்படி வெச்சால் எரிச்சல் இல்லையாம்.

பழைய_வார்டு_சிஸ்டர் | ஜனவரி 14, 6.58

எரிச்சல் இல்லாத அந்த நிலையிலேயே கை இறுகிடும். நாளைக்கு ரவுண்ட்ஸில் பிசியோதெரபி கேளுங்க, ராத்திரிக்குத் தட்டை வெச்சுக் கட்ட வேணுமான்னும் கேளுங்க. விரலோட அடி முட்டி மடங்கி, விரல் நீண்டு நிக்கிற மாதிரி கட்டுவாங்க. வலி மாத்திரை கொடுத்து அரை மணி கழிச்சு விரலை அசைக்கச் சொல்லுங்க. தோல் வைக்கிறது பற்றி, மூணு வாரத்தில் தானா மூடாதுன்னு தெரிஞ்சால் காத்திருக்கிறதில் லாபம் இல்லை. அவர் முட்டியில் இப்போ எவ்வளவு ஈரம், ஓரத்திலிருந்து புதுத்தோல் ஏறுதா என்பதை அங்கே பார்க்கிறவங்கதான் சொல்லணும். கட்டு மாத்தும்போது வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஆறாம் தேதி எடுத்ததோட சேர்த்து ரெண்டு டாக்டரிடமும் காட்டுங்க.